ஐந்து ஸ்லைடாகச் சுருங்கிய மாமல்லை

ஸ்லைடுகளுக்கான குறிப்பு பிறந்தது செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் முன் வகுப்பில் காட்ட ஒரு ஸ்லைடு தொகுப்பு வேண்டும். ஒருமுறை நானே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது செல்போனில் வெறும் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தேன். ரதங்கள், தவச் சிற்பம், கடற்கரைக் கோயில், சாளுவன்குப்பம் என்று நான்கு பெரிய தலைப்புகள். அவற்றுக்கு முன்னால் ஒரு `#`. உள்ளே வரும் பத்துச் சிறு தலைப்புகளுக்கு இரண்டு. முதல் வரியில் தொகுப்பின் பெயர்.

```
% மாமல்லையில் ஒரு நாள்

# கடற்கரைக் கோயில்

## கட்டியவர்

- இராஜசிம்மப் பல்லவன்
- வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது
```

மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து மீதியையும் முடித்தேன். இரவு வீட்டுக்கு வந்ததும் அந்த `kurippu.txt` லேப்டாப்புக்கு இடம் மாறியது.

எழுத்துக் குறிப்பை ஸ்லைடாக்கும் எண்ணம் பழையது. டேவ் வைனரின் மோர் என்ற மென்பொருள் 1986-லேயே அதைச் செய்தது. நான் பயன்படுத்தியது பாண்டாக். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் மெக்ஃபார்லேன் 2006-ல் தொடங்கியது. பவர்பாயிண்ட் ஃபைலாக மாற்றும் வசதி 2017-ல் சேர்ந்தது. கட்டளை ஒரே வரிதான்:

```
pandoc kurippu.txt -o mamallai.pptx
```

திறந்து பார்த்தால் ஐந்தே ஸ்லைடு! பதினான்கு தலைப்பும் முகப்பும் சேர்த்துப் பதினைந்து வந்திருக்க வேண்டும். சிறு தலைப்புகள் எல்லாம் பெரிய தலைப்புகளின் ஸ்லைடுகளுக்குள்ளேயே அடைந்து, எழுத்து கீழ் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

காரணம் பிடிபட நேரமானது. எந்த மட்டத் தலைப்பில் ஸ்லைடு தொடங்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், பாண்டாக் தானே முடிவு செய்யும். தலைப்பை அடுத்து இன்னொரு தலைப்பு வராமல் நேராக விஷயம் தொடங்குகிற இடம் எங்காவது உண்டா என்று ஃபைல் முழுக்கத் தேடும். அப்படிக் கிடைப்பவற்றில் மிக மேலான மட்டம் எதுவோ, அதுதான் ஸ்லைடின் மட்டம். நானோ 'ரதங்கள்' என்ற பெரிய தலைப்புக்கு அடியிலேயே, "ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியவை" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த ஒற்றை வரியால் மற்ற மூன்று பகுதிகளும்கூட ஒற்றை `#` மட்டத்துக்கு ஏறிவிட்டன.

`--slide-level=2` என்று கட்டளையில் சேர்த்து மட்டத்தை நாமே சொல்லிவிடலாம். ஆனால் தலைப்பில்லாமல் அநாதையாக நின்ற வரிக்கு அது வீடு தராது. அதனால் 'செதுக்கிய முறை' என்று ஒரு சிறு தலைப்பு போட்டு, வரியை அதற்குக் கீழே இறக்கினேன்.

இனி கண்ணை நம்பக் கூடாது என்று எண்ணிப் பார்க்கவும் ஒரு வழி வைத்துக்கொண்டேன்:

```
grep -c '^#' kurippu.txt
```

15 என்று வந்தது. முகப்போடு 16 ஸ்லைடு இருக்க வேண்டும். கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்த்தால் இருந்தது 15. ஒன்று எங்கே போனது? 'கட்டியவர்' ஸ்லைடின் அடியில் `##அலைகள்` என்று குறியோடு அப்படியே நின்றது. குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் பாண்டாக் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. சாதாரண எழுத்தாகவே விட்டுவிடும். பேருந்துக் குலுக்கலில் விட்டுப்போன ஓர் இடைவெளி. அதைத் தட்டியதும் 16 வந்தது.

கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது. தவச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கி வருவதா என்ற வாதத்துக்குப் பதினோரு புள்ளிகள் எழுதியிருந்தேன். ஸ்லைடு நிரம்பிவிட்டதே என்று பாண்டாக் அதை இரண்டாகப் பிரிக்காது. எது எங்கே முடிய வேண்டும் என்பது எழுதுகிறவர் பாடு. 'அர்ச்சுனன் என்பவர்கள்', 'கங்கை என்பவர்கள்' என்று இரண்டு தலைப்பாக்கினேன். ஸ்லைடு 17 ஆனது, வாதமும் தெளிவானது.

மறுநாள் வகுப்பில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஓர் எழுத்துப்பிழை தெரிந்தது. பவர்பாயிண்டிலேயே திருத்தக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். அங்கே செய்யும் திருத்தம், அடுத்த முறை கட்டளையை ஓட்டும்போது அழிந்துவிடும். வீட்டுக்கு வந்து குறிப்பில் திருத்தி, மறுபடி மாற்றினேன். பழைய `mamallai.pptx` போன இடம் தெரியவில்லை. பேருந்தில் பிறந்த குறிப்புதான் இன்னும் இருக்கிறது.