பக்கவாட்டு முகம்: நேர்நோக்குப் படங்களிலிருந்து செய்யும் முகமாற்றத்தின் எல்லை

ஒரு நடிகர் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். யாரோ கூப்பிட, சன்னல் பக்கம் முழுதாகத் திரும்புகிறார். திரும்புவதற்கு 2 விநாடி ஆகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 48 ஃபிரேம்கள். இந்த நடிகரின் முகத்தின் இடத்தில் மறைந்த ஒருவரின் முகம் வர வேண்டும். குடும்பத்தார் ஒப்புதலோடு தந்திருப்பவை சில ஸ்டுடியோப் படங்கள். எல்லாவற்றிலும் அவர் லென்ஸை நேராகப் பார்க்கிறார். மிஞ்சிப்போனால் 10 டிகிரி திரும்பியிருப்பார்.

தலை சீரான வேகத்தில் திரும்புவதாகக் கொண்டால் 16ஆம் ஃபிரேமில் 30 டிகிரியைத் தொடும். அதுவரை முகமாற்றம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 32ஆம் ஃபிரேமில் 60 டிகிரி. அதற்குள் முகம் வேறு யாருடையதோ ஆகிவிட்டிருக்கும், அல்லது விளிம்பில் நடுங்கத் தொடங்கியிருக்கும். இதை மென்பொருளின் குறை என்றும், அடுத்த மாதிரி வந்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதுண்டு. குறைகளில் ஒரு பகுதி அப்படிப்பட்டதுதான். அடிப்படைக் குறை அதுவல்ல: திரையில் தோன்ற வேண்டிய செய்தி மூலப் படங்களில் இல்லவே இல்லை. மாதிரி எவ்வளவு வளர்ந்தாலும் அதனால் தர முடிவது நம்பத்தகுந்த ஒரு பக்கவாட்டு முகம். அந்த மனிதரின் பக்கவாட்டு முகம் அன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இத்துறையில் பல மதிப்பீடுகள் தடம் மாறுகின்றன.

முதலில் வடிவியல். மூக்கின் நுனி முகத்தின் தளத்திலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் அளவை ஆழம் என்போம். தலை ஒரு கோணம் திரும்பும்போது அந்த ஆழம் படத்தில் பக்கவாட்டு நகர்வாகத் தெரிகிறது; நகர்வின் அளவு, ஆழத்தை அக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது. நேராகப் பார்க்கும்போது சைன் சுழி. ஆழம் படத்தில் தென்படாது. 10 டிகிரியில் 0.17, 80 டிகிரியில் 0.98. மூக்கின் நீட்சியை நாம் 4 மி.மீ. தவறாக ஊகித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரியில் அந்தத் தவறு 0.7 மி.மீ. ஆகத் தெரியும், 80 டிகிரியில் 3.9 மி.மீ. ஆகத் தெரியும்.

இதைப் பிக்சலாக மாற்றிப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் `inswapper_128` மாதிரி, முகத்தை 128 × 128 பிக்சல் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. நேர்நோக்கு முகத்தில் இரு கண்களின் நடுவிடங்களுக்கு இடையே அதில் சுமார் 35 பிக்சல் வரும். மனிதரில் அந்த இடைவெளி சராசரியாக 63 மி.மீ.; ஆகவே ஒரு பிக்சல் ஏறத்தாழ 1.8 மி.மீ. மேற்சொன்ன தவறு 10 டிகிரியில் அரைப் பிக்சலுக்கும் குறைவு. அதாவது மூலப் படங்கள் எல்லாமே அந்தத் தவறான ஊகத்தோடும் பொருந்திப்போகும். தவறு என்று கண்டுபிடிக்க அவற்றில் எதுவும் இல்லை. 80 டிகிரியில் அதே தவறு இரண்டு பிக்சலைத் தாண்டும். அண்மைக்காட்சியில் அந்தச் சதுரம் 640 பிக்சல் அகலத்துக்கு விரிக்கப்பட்டால் அது 11 பிக்சல் ஆகும். ஒருவரை நன்கு அறிந்தவர் கண்ணுக்கு அது தப்பாது.

ஒளிநிழலைக் கொண்டு ஆழத்தை அறியலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். ஆனால் பெல்யூமர், கிரீக்மன், யூயில் மூவரும் 1990களின் இறுதியில் காட்டியது போல, பளபளப்பில்லாத ஒரு பரப்பைத் தொலைவிலிருந்து பார்க்கும்போது, ஒளியின் திசையும் பரப்பின் நிறமும் முன்கூட்டித் தெரியாவிட்டால், தட்டையாக்கப்பட்ட வடிவமும் உண்மையான வடிவமும் ஒரே படத்தைத் தர முடியும். புடைப்புச் சிற்பத்தில் மிகக் குறைந்த ஆழத்திலேயே முழு உருவம் இருப்பது போன்ற தோற்றத்தைச் சிற்பி உண்டாக்க முடிவது இதனால்தான். கைபேசியில் மிக அருகிலிருந்து எடுத்த படத்தில் வேறொரு தடயம் கிடைக்கும்: சுமார் 30 செ.மீ. தொலைவில் மூக்கு உண்மையைவிட ஏறத்தாழ 30% அகலமாகத் தெரியும் என்று 2018இல் முக அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் படம் எடுத்த தொலைவு தெரியாதபோது, அந்த அகலம் மூக்கினுடையதா தொலைவினுடையதா என்று பிரிக்க இயலாது. மேலும், ஒரே கோணத்தில் எடுத்த படங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் இரைச்சல் குறையுமே தவிர ஆழம் கூடாது.

அப்படியானால் 32ஆம் ஃபிரேமுக்குப் பிறகு திரையில் வருவது யாருடைய மூக்கு? `inswapper_128` மூல முகத்தை 512 எண்கள் கொண்ட ஓர் அடையாளத் திசையனாகச் சுருக்குகிறது. அதைத் தருவது ஆர்க்ஃபேஸ் வகை முகமறி வலையமைப்பு. ஒருவர் எந்தக் கோணத்தில் இருந்தாலும் அவருடைய படங்கள் அருகருகே விழ வேண்டும் என்பதே அவ்வலையமைப்புக்கு அளிக்கப்பட்ட பயிற்சி. அதனால் திசையனில் முகத்தின் வரைபடம் இருக்காது. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும் அடையாளங்களின் சாரம் இருக்கும். தலையின் கோணம், முகத்தின் வெளிவடிவம், பின்னணி ஆகியவை நடிகரின் ஃபிரேமிலிருந்து வருகின்றன. எனவே பக்கவாட்டில் எஞ்சுவது பெருமளவு நடிகரின் சொந்த மூக்கும் மோவாயும். அவற்றின் மேல் மறைந்தவரின் தோல், புருவம், உதடு ஆகியவற்றின் சாயல் மட்டும் படிந்திருக்கும்.

டீப்ஃபேஸ்லேப் போன்ற பழைய முறை வேறு விதமாகத் தோற்கும். அங்கே இருவருக்கும் பொதுவாக ஒரு குறியாக்கி, ஆளுக்கொன்றாக ஒரு குறிவிலக்கி. மறைந்தவரின் குறிவிலக்கி நேர்நோக்கு முகங்களை மட்டுமே வரைந்து பழகியது. 80 டிகிரி முகத்தின் குறியீட்டை அதனிடம் கொடுத்தால் மங்கலான ஒன்றைத் தரும், அல்லது முகத்தைப் பாதி திருப்பி நம் பக்கமே கொண்டுவந்துவிடும். அம்முறையில் அனுபவப்பட்டவர்கள் மூலப் படங்களைத் திருப்பக் கோணப்படி வரிசைப்படுத்தி, இலக்குக் காணொளியின் கோணங்களோடு ஒப்பிட்ட பிறகே பயிற்சியைத் தொடங்குவது வெறும் பழக்கமல்ல. இந்த முறையின் தோல்வியை நான் நேர்மையானதாகவே கருதுகிறேன்: தெரியாத இடத்தில் அது தெரியாதது போலவே காட்சியளிக்கிறது.

இதுவரை சொன்னது முகத்துக்குள் நடப்பது. விளிம்பில் நடப்பது இன்னும் தீவிரமானது. ஆனால் இதைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. நேர்நோக்கு முகத்தில் மூக்கும் உதடும் முகப்பரப்பின் நடுவே இருக்கின்றன, சுற்றிலும் கன்னம். ஒட்டுவேலையின் எல்லை கன்னத்தோலில் விழுவதால் நிறத்தை இழைத்து மறைத்துவிடலாம். சுமார் 50 டிகிரி கடந்ததும் மூக்கு நுனி மறுபக்கக் கன்னத்தைத் தாண்டி வெளியே நீள்கிறது. அதன்பின் நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவற்றின் கோடே முகத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான எல்லை. முகமாற்றக் கருவி முகத்தை வரைகிறது, பின்னணியை வரைவதில்லை. மறைந்தவரின் மூக்கு நடிகருடையதைவிடக் குட்டை என்றால், குட்டை மூக்கை வரைந்த பிறகும் நடிகரின் நுனி வெளியே எஞ்சி நிற்கும். அதை அழித்தால் அங்கே இருந்திருக்க வேண்டிய சன்னல் கம்பியை யாராவது வரைந்தாக வேண்டும். மூக்கு நீளம் என்றால் மாஸ்க் அதை வெட்டிவிடும். நம் காட்சியில் விளிம்பு நடுங்குவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: முகத்தைச் சதுரத்தில் பொருத்துவதற்கு இரு கண்கள், மூக்கு நுனி, இரு வாயோரங்கள் என ஐந்து புள்ளிகள் வேண்டும். மறுபக்கக் கண்ணும் வாயோரமும் மறைந்த பின் அவற்றின் இடம் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக ஊகிக்கப்படுகிறது. ஊகம் மாறும்போதெல்லாம் சதுரத்தின் அளவும் சாய்வும் மாறுகின்றன. இந்த இரண்டாவது காரணம் உண்மையிலேயே மென்பொருள் குறைதான்; புள்ளிகளை ஃபிரேம்களுக்கு இடையே சமன்படுத்தினால் பெரிதும் குறையும்.

முடிவைச் சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் மூலப் படத்தோடு ஆர்க்ஃபேஸால் ஒப்பிட்டு, மதிப்பெண் உயர்வாக இருந்தால் வெற்றி என்று கொள்வது வழக்கம். எந்த அளவுகோலை நோக்கிப் பயிற்சி நடந்ததோ அதே அளவுகோலால் அளப்பது சோதனை ஆகாது. வேறு பயிற்சியில் உருவான முகமறி வலையமைப்பைக் கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு மதிப்பெண்கள் எடுக்க வேண்டும்: மறைந்தவரோடு எவ்வளவு ஒற்றுமை, நடிகரோடு எவ்வளவு ஒற்றுமை. இரண்டையும் கோணத்துக்கு எதிராக வரைந்தால், கோடுகள் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ அங்கே முகம் கைமாறுகிறது. காதையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மாஸ்க்குக்கு வெளியே நடிகருடையதாகவே நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் குற்றவாளிகளை நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுக்க வற்புறுத்தியபோது, காதின் வடிவத்துக்கு அவர் தனி மதிப்பு கொடுத்தார்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2016இல் வெளியான சிஎஃப்பி தரவுத்தொகுப்பில் 500 பேரின் நேர்நோக்குப் படங்களும் பக்கவாட்டுப் படங்களும் உள்ளன. அவற்றை ஜோடியாகக் காட்டி ஒரே ஆளா என்று கேட்டபோது மனிதர்கள் மிகப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். ஆகவே நேர்நோக்குப் படத்தில் பக்கவாட்டைப் பற்றிய செய்தி இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது, ஆனால் அது விலக்குவதற்குப் போதுமான செய்தி. கொடுத்த பக்கவாட்டு முகம் இவருடையதாக இருக்க முடியாது என்று சொல்ல அது போதும். இருக்க முடிந்த பல முகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதாது. பிளான்ஸும் ஃபெட்டரும் 1999இல் 200 தலைகளின் ஸ்கேன்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண மாதிரியிலிருந்து இன்றைய முப்பரிமாண உருவாக்க வலையமைப்புகள் வரை எல்லாம் இந்தத் தேர்வை மக்கள்தொகையின் சராசரிப் போக்கைக் கொண்டே செய்கின்றன. பயிற்சித் தொகுப்பில் குறைவாக இடம்பெற்ற இனத்தவரின் மூக்கு, அதிகமாக இடம்பெற்றவரின் மூக்கை நோக்கிச் சரியும் ஆபத்து இதில் உண்டு. இப்படிக் கிடைக்கும் முகம் நடுங்காது, மங்காது. அதனாலேயே அது ஊகம் என்பது மறைந்துபோகிறது.

திரைப்படத்தில் இதைச் சரியாகக் கையாண்டவர்கள் ஆழத்தை வேறு வழியில் தேடினார்கள். 1994இல் மறைந்த பீட்டர் குஷிங்கை 2016இன் ‘ரோக் ஒன்’ படத்தில் மீட்டெடுத்தபோது, கை ஹென்றி என்ற நடிகர் நடித்தார். 1980களில் வேறொரு படத்துக்காகக் குஷிங்கின் முகத்தில் எடுத்திருந்த அச்சு அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. அச்சில் ஆழம் நேரடியாகவே இருக்கிறது. பால் வாக்கர் 2013இல் இறந்தபின் முடிக்கப்பட்ட ‘ஃபியூரியஸ் 7’ படத்தில் அவருடைய தம்பியர் இருவர் உடல்மாற்றாக நின்றார்கள். முகத்தின் வெளிவடிவம் நடிகரிடமிருந்தே பெருமளவு வருகிறது என்று மேலே கண்டோம். அந்த நிலையில் உடன்பிறந்தவரைத் தேர்ந்தது தரவைத் தேர்ந்ததற்குச் சமம்.

நம் காட்சிக்குத் திரும்பினால் செய்ய வேண்டியது தெளிவு. குடும்பத்தின் திருமண ஆல்பத்திலோ பழைய வீடியோ கேசட்டிலோ தாலி கட்டும்போது தலையைத் திருப்பிய ஒரே ஒரு ஃபிரேம் கிடைத்தாலும் அது இன்னொரு நூறு ஸ்டுடியோப் படங்களைவிட மேல். கிடைக்காவிட்டால் மூக்கும் மோவாயும் ஒத்த நடிகரைத் தேடலாம். அல்லது 45 டிகிரியில் காட்சியை வெட்டி, மிச்சத் திருப்பத்தைப் பின்னாலிருந்து எடுக்கலாம். இரண்டும் இயலாமல் மாதிரி ஊகித்த பக்கவாட்டையே வைப்பதென்றால், எந்த ஃபிரேம் முதல் எந்த ஃபிரேம் வரை ஊகம் என்பதைப் படத்தொகுப்புக் குறிப்பில் எழுதி, இறுதி ஒப்புதலுக்கு முன் குடும்பத்தாரிடம் அந்தப் பகுதியைத் தனியாகக் காட்ட வேண்டும். 32 முதல் 48 வரையிலான ஃபிரேம்களைச் சரிபார்க்கும் தகுதி அவர்களுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பக்கவாட்டு முகத்தை உணவு மேசையின் பக்கத்து நாற்காலியிலிருந்து பல ஆண்டுகள் பார்த்தவர்கள் அவர்கள்.