எப்போது கை வைக்கக் கூடாது: கன்ட்ரோல் சார்ட்டின் கதை

இன்றைய பகுதி ஒரு பக்கக் குறிப்பைப் பற்றியது. 1924 மே 16ஆம் தேதி, அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் என்பவர், தன் மேலதிகாரி ஜார்ஜ் எட்வர்ட்ஸுக்கு எழுதிய குறிப்பு அது. அந்த ஒரு பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு வெறும் படம். இன்றைக்கு எந்தத் தொழிற்சாலைச் சுவரிலும் தொங்குகிற கன்ட்ரோல் சார்ட், அதுதான்.

அந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று முதலில் பார்த்துவிடலாம். அதற்கு 1924க்குப் போக வேண்டாம். நம்ம ஊர் பட்டறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்க.

ஸ்டீல் பீரோ செய்கிற இடம். ஒரு ஷிப்டுக்கு நூறு கதவுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒருவர் எல்லாக் கதவையும் பார்த்து, பெயின்ட் வழிந்த இடம், தூசி ஒட்டிய புள்ளி, பொங்கிய இடம் என்று எண்ணி எழுதுகிறார். 7, 11, 9, 5, 12, 8 என்று வருகிறது. சராசரி ஒரு ஷிப்டுக்கு 9.

ஒரு நாள் இரவு ஷிப்டில் 14 வந்துவிட்டது. காலையில் மேனேஜர் அந்த ஷிப்ட் ஆட்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார். அடுத்த இரவு 8. "பாத்தியா, சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது" என்று அவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

அந்தப் பாடம் தப்பு. எதுவுமே மாறாமல், சராசரி 9லேயே லைன் ஓடினாலும், 14 அல்லது அதற்கு மேல் வருவது சுமார் 14 ஷிப்டுக்கு ஒரு தடவை நடக்கும். மூன்று ஷிப்ட், ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 18 ஷிப்ட். அதாவது வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவர் காரணமே இல்லாமல் திட்டு வாங்குவார். அடுத்த ஷிப்டில் எண் இறங்கியதற்கும் திட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ரொம்ப உயரமாக வந்த எண்ணுக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரிப் பக்கம்தான் வரும்.

திட்டோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பயந்துபோன ஆள் ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் திருகி வைப்பார். அடுத்த ஷிப்ட் ஆள் அதைத் திரும்பத் திருகுவார். எண் விலகுகிற ஒவ்வொரு தடவையும் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினால், ஏற்ற இறக்கம் குறையாது, கூடும். கணக்குப்படி வேரியன்ஸ் இரண்டு மடங்காகும். நன்றாக ஓடுகிற லைனை அக்கறையாலேயே கெடுக்கிற வழி இது.

இனி ஷூஹார்ட்டிடம் போகலாம். அவர் இயற்பியல் படித்தவர். 1917இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டாக்டர் பட்டம், 1918இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வேலை. சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற பிரம்மாண்டமான தொழிற்சாலை. அமெரிக்காவின் டெலிபோன் சாமான்கள் அங்கேதான் உற்பத்தியாயின. அன்றைக்குத் தரம் என்றால் கடைசியில் நின்று கெட்டதைப் பொறுக்கி எறிவது. பொறுக்குகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதே தவிர, அடுத்த வாரம் கெட்டது குறையும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஷூஹார்ட் கேட்ட கேள்வி வேறு. எண் ஏறி இறங்குவது இயல்பு. எந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிடலாம், எதைத் துரத்திப்போய்க் காரணம் தேட வேண்டும்? எல்லா வேலையிலும் நூறு சின்னக் காரணங்கள் எப்போதும் கலந்திருக்கும்: ஈரப்பதம், கை அசைவு, தகட்டின் மேல்பரப்பு. இவற்றை அவர் தற்செயல் காரணங்கள் என்றார். தேடினால் விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணங்கள் வேறு வகை: பெயின்டில் தின்னர் அதிகம், ஃபில்டர் கிழிந்தது. முதல் வகையைத் தனித்தனியாகத் துரத்துவது வீண். இரண்டாவது வகையைத் துரத்தாமல் விடுவது நஷ்டம்.

படம் இந்த இரண்டையும் பிரிக்கிற கோடு. 1924 குறிப்பில் இருந்தது கெட்ட பொருட்களின் விகிதம். நம்ம கதையில் இருப்பது குறைகளின் எண்ணிக்கை. இதற்கு கணக்கு இன்னும் எளிது. பழைய இருபது, இருபத்தைந்து ஷிப்டின் சராசரியை எடுத்து நடுக்கோடு போடுங்க. நமக்கு அது 9. இந்த மாதிரி எண்ணிக்கையில், இயல்பான சிதறல் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 9க்கு வர்க்கமூலம் 3. அதை மூன்றால் பெருக்கினால் 9. மேல் கோடு 18, கீழ்க் கோடு 0. அவ்வளவுதான். 14 உள்ளேதான் இருக்கிறது. அந்த இரவு ஷிப்டை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஏன் மூன்று மடங்கு? கணிதத்தில் அதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. 1931இல் வந்த தன் புத்தகத்தில் ஷூஹார்ட் இதைப் பொருளாதாரத் தேர்வாகவே வைத்தார். கோட்டை நெருக்கினால் பொய் எச்சரிக்கை கூடும், லைனை நிறுத்தி இல்லாத காரணத்தைத் தேட வேண்டும். தள்ளி வைத்தால் நிஜக் கோளாறு தப்பிவிடும். மூன்று நடைமுறையில் ஒத்துவந்தது. நம்ம லைனில் எதுவும் மாறாதபோது ஒரு எண் 18ஐத் தாண்டுவது சுமார் 400 ஷிப்டுக்கு ஒரு தடவை. சார்ட் கத்தினால் நம்பிப் போகலாம் என்ற மரியாதை அதனால்தான் அதற்குக் கிடைத்தது.

ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலை உண்டு. நம்ம ஸ்ப்ரே கன்னின் நாசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9இலிருந்து 12க்கு நகர்ந்துவிட்டது. குறைகள் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டன. மேல் கோடு மட்டும் பார்த்தால் எப்போது தெரியும்? ஒவ்வொரு ஷிப்டிலும் 18ஐத் தாண்ட வாய்ப்பு நான்கு சதவீதத்துக்கும் குறைவு. சராசரியாக 27 ஷிப்ட் காத்திருக்க வேண்டும். ஒன்பது வேலை நாள். திடீர்க் கோளாறை ஷூஹார்ட்டின் கோடு உடனே பிடித்துவிடும். மெல்ல நழுவுவதை அது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

காரணம் எளிது. அது ஒவ்வொரு புள்ளியையும் தனியாகப் பார்க்கிறது. நேற்று என்ன நடந்தது என்ற ஞாபகம் அதற்கு இல்லை.

ஞாபகத்தைச் சேர்க்க இரண்டு வழிகள் வந்தன. 1956இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கே வெளியிட்ட கையேட்டில், கோட்டைத் தாண்டாவிட்டாலும் கவனிக்க வேண்டிய வடிவங்கள் இருந்தன. அவற்றில் பிரபலமானது: தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் எச்சரிக்கை. கால்குலேட்டர் வேண்டாம், கண் போதும்.

இன்னொரு வழியை அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே, 1954இல், இங்கிலாந்தைச் சேர்ந்த ஈ. எஸ். பேஜ் சொல்லியிருந்தார். மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவது. கியூசம் என்கிறார்கள். நல்ல சராசரி 9க்கும், பிடிக்க நினைக்கிற 12க்கும் நடுவே 10.5. ஒவ்வொரு ஷிப்டின் எண்ணிலிருந்தும் 10.5ஐக் கழித்து, மிச்சத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 15ஐத் தாண்டினால் மணி அடிக்கும்.

ஓட்டிப் பார்க்கலாம். நாசில் தேய்ந்த பிறகு ஒன்பது ஷிப்டின் எண்கள்: 11, 13, 10, 14, 12, 16, 9, 13, 15. மேல் கோட்டுக்குக் கேட்டால், ஒன்றுகூட 18ஐத் தாண்டவில்லை, பிரச்சினை இல்லை என்கும். எட்டு விதிக்குக் கேட்டால், முதல் ஆறும் நடுக்கோட்டுக்கு மேலேதான், ஆனால் ஏழாவது சரியாக 9இல் விழுந்து தொடர் அறுந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்கும். கியூசத்தின் கணக்கு இப்படி ஏறுகிறது: 0.5, 3, 2.5, 6, 7.5, 13, 11.5, 14, 18.5. நடுவில் ஒரு நல்ல ஷிப்ட் வந்தபோது கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழையதை மறக்கவில்லை. ஒன்பதாவது ஷிப்டில், மூன்றாம் நாள் முடிவில், மணி. இது நான் வசதிக்குச் சொல்கிற எண்கள்தான். ஆனால் இந்த அமைப்பில் சராசரிக் காத்திருப்பே பத்து ஷிப்ட் சுமாருக்குத்தான் வரும். 27க்குப் பதில் 10.

அப்படியானால் ஷூஹார்ட்டின் கோடு வேண்டாமா? வேண்டும். திடீரென்று 25 வந்தால் அதுதான் முதலில் சொல்லும், சொன்ன ஷிப்ட் எது என்றும் தெரியும். கியூசம் சறுக்கலுக்கு. பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

சார்ட் ஏமாறுகிற இடங்களும் உண்டு. ஒரு ஷிப்டில் நூறு கதவு, இன்னொன்றில் நூற்றைம்பது என்றால் நேரடி எண்ணிக்கையை ஒப்பிட முடியாது, கதவுக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். எண்ணுகிற ஆள் மாறினாலும் எண் மாறும். ஒருவர் கண்ணுக்குத் தூசி, இன்னொருவர் கண்ணுக்குச் சுத்தம். அதனால் மணி அடித்ததும் நாசிலைப் பார்ப்பதற்கு முன்னால், எண்ணியது யார் என்று கேட்பது நல்லது. இன்னொன்று: குறைகள் கூட்டமாக வரலாம். ஒரு தடவை ஃபில்டர் கிழிந்தால் பத்துக் கதவில் ஒரே நேரத்தில் புள்ளி விழும். அப்போது வர்க்கமூலக் கணக்கு சிதறலைக் குறைத்துச் சொல்லும், பொய் மணி பெருகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கோட்டுக்குள் இருப்பது நல்ல தரம் என்று அர்த்தமில்லை. நம்ம லைன் 9இல் நிதானமாக ஓடுகிறது. ஆனால் நூறு கதவுக்கு 9 குறை அதிகம் என்று வாடிக்கையாளர் சொன்னால், ஆட்களைத் திட்டி அது குறையாது. பெயின்ட் ரூம், காற்று, தகடு கழுவுகிற முறை எதையாவது மாற்ற வேண்டும். அது மேனேஜரின் வேலை. இந்தப் பகுதியை உலகம் முழுக்க எடுத்துப் போனவர் ஷூஹார்ட்டிடம் கற்ற எட்வர்ட்ஸ் டெமிங். 1950இல் ஜப்பானில் அவர் நடத்திய வகுப்புகள் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, ஷூஹார்ட் அதற்கு முன்னாலேயே நம்ம நாட்டுக்கு வந்துவிட்டார் என்பது. 1947–48இல் மஹலனோபிஸ் அழைத்து, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வழியாக இங்கே சுற்றிப் பேசிவிட்டுப் போனார். டெமிங் பெயரில் ஜப்பான் கொடுக்கிற விருது 1998இல்தான் சென்னை சுந்தரம் கிளேட்டனுக்கு வந்தது. நடுவில் அரை நூற்றாண்டு.

அந்த இரவு ஷிப்ட் ஆளிடம் திரும்பி வருகிறேன். 14 வந்த காலையில் சார்ட் சுவரில் தொங்கியிருந்தால், மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். மூன்றாம் நாள் முடிவில் மணி அடிக்கும்போது, எந்த ஷிப்டையும் கூப்பிடாமல் நாசிலைக் கழற்றச் சொல்லியிருப்பார். மூன்று ஷிப்டும் ஒரே நாசிலைத்தானே பிடித்திருந்தது.