எந்த மருந்தை எவ்வளவு: புதுச்சேரியிலிருந்து கவாசாகி நோய் மருத்துவம் பற்றி ஒரு வாதம்

விரல் நுனித் தோல் உரிந்த பிறகுதான் பல பெற்றோர் குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்கு முன் எட்டு ஒன்பது நாள் காய்ச்சல் இருந்திருக்கும். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. உதடு வெடித்திருக்கும். உடம்பில் செந்தடிப்பு வந்து போயிருக்கும். வீட்டில் அதை அம்மை என்று நினைத்து வேப்பிலை வைத்திருப்பார்கள். தோல் உரியும்போது, அம்மை இறங்கிவிட்டது என்று ஆறுதலும் அடைந்திருப்பார்கள். கவாசாகி நோயில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. நக ஓரத்தில் தொடங்கும் தோலுரிவு இந்நோயின் இரண்டாம், மூன்றாம் வாரத்து அடையாளம். இதயத் தமனிகளைக் காக்கும் மருந்தைக் கொடுக்கவேண்டிய முதல் பத்து நாள் அதற்குள் முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும்.

எனவே நீடித்த காய்ச்சல், சிவந்த கண், உரியும் விரல் என்ற மூன்றையும் சேர்த்துப் பாடநூல் காட்டும் படம் ஒரே நாளில் காணக்கூடிய படம் அன்று. முதல் வாரத்திலேயே தோல் உரியுமானால் அது பெரும்பாலும் டயப்பர் கட்டும் இடத்தில் உரியும். அங்கே பார்ப்பவர் குறைவு. நம் நாட்டில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவதால் இடக்கைத் தோளில் உள்ள அந்தத் தழும்பு சிவந்து தடிப்பதும் ஒரு நல்ல துப்பு. கைக்குழந்தைகளில் மற்ற அடையாளங்கள் குறைவாக இருக்கும்போது இதன் மதிப்பு இன்னும் கூடும்.

டொமிசாகு கவாசாகி 1961 சனவரியில் டோக்கியோவில் முதல் நோயாளியான நான்கு வயதுச் சிறுவனைப் பார்த்தார். 1967-இல் ஐம்பது குழந்தைகளைத் தொகுத்து ஜப்பானிய மொழியில் எழுதினார். தானாகவே ஆறிவிடும் நோய் என்றே அப்போது கருதப்பட்டது. இதயத் தமனிகள் பலூன்போல் புடைத்து, அதற்குள் இரத்தம் உறைந்து குழந்தை இறக்கக்கூடும் என்பது பின்னர்தான் புலனாயிற்று. மருந்து தராமல் விட்டால் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தமனியில் பழுது வருகிறது.

இன்றைய மருத்துவம் இரண்டு மருந்துகளால் ஆனது. ஒன்று, பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 2 கிராம், நரம்பு வழியாக ஒரே தவணையில். மற்றொன்று ஆஸ்பிரின். இரண்டுமே எடைக்கேற்ப அளக்கப்படுவதால் இரண்டின் தர்க்கமும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை என்பதே என் வாதம். இம்யூனோகுளோபுலினில் ஒரு கிராமும் குறைக்கக்கூடாது; ஆஸ்பிரினையோ பழைய உயர் அளவில் தரவேண்டிய கட்டாயமில்லை, டெங்கு நிலைகொண்ட ஊரில் தரவும் கூடாது.

சான்றைப் பார்ப்போம். 1986-இல் ஜேன் நியூபர்கர் குழுவினர் அமெரிக்காவில் 168 குழந்தைகளை இரு கூறாக்கினர். எல்லோருக்கும் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மி.கி. ஆஸ்பிரின், ஒரு கூறுக்கு மட்டும் கூடுதலாக நான்கு நாள் இம்யூனோகுளோபுலின். இரண்டு வாரத்தில் ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்குத் தமனிப் பழுது. இரண்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு. அதே குழுவின் 1991 ஆய்வு 549 குழந்தைகளைக் கொண்டது. நான்கு நாளுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு 2 கிராமை ஒரே மூச்சில் பத்து மணி நேரத்தில் ஏற்றுவது மேல் என்று அது காட்டியது. இன்றும் உலகம் முழுக்க நடப்பது அதுதான்.

முதல் ஆய்வை இன்னொரு முறை படிக்கவேண்டும். உயர் அளவு ஆஸ்பிரின் மட்டும் பெற்ற கூறில் 23 விழுக்காடு என்பது, மருந்தே இல்லாமல் விட்டால் வரும் எண்ணிக்கைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆஸ்பிரின் காய்ச்சலைத் தணித்தது, வலியைக் குறைத்தது. தமனியைக் காத்ததாகத் தெரியவில்லை. 1997-இல் தெராயும் ஷுல்மனும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தமனிப் பழுது இம்யூனோகுளோபுலினின் அளவைப் பொறுத்து மாறுகிறது, ஆஸ்பிரினின் அளவைப் பொறுத்து மாறவில்லை என்ற முடிவுக்கே வந்தனர். மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. இம்யூனோகுளோபுலினை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகள் எல்லாம் ஆஸ்பிரின் மேல் கட்டப்பட்டவை. அடித்தளத்தை உருவினால் மாடி நிற்குமா என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் ஜப்பானில் நீண்ட காலமாகக் கிலோவுக்கு 30 முதல் 50 மி.கி. அளவே வழக்கம், அங்கே முடிவுகள் மோசமாக இல்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 அறிக்கையும் இந்த நடுத்தர அளவு, 80 முதல் 100 மி.கி. உயர் அளவு ஆகிய இரண்டையும் ஏற்கிறது. எனவே நடுத்தர அளவைத் தேர்வது அடித்தளத்தை உருவுவதாகாது.

இனி புதுச்சேரிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இங்கே காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்கு, அடுத்தது ஸ்க்ரப் டைஃபஸ். இரண்டிலும் கண் சிவக்கும், தோலில் தடிப்பு வரும். டெங்குவில் தட்டணுக்கள் சரியும்போது ஆஸ்பிரின் கொடுத்தால், மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் அவற்றின் ஆயுள் முழுக்கச் செயலிழக்கச் செய்துவிடும். குருதிக்கசிவு அபாயம் கூடும். கவாசாகியில் போக்கு எதிர்த்திசையில் போகும்: சி.ஆர்.பி. வெகுவாக உயரும், வெள்ளணுக்கள் கூடும், தட்டணுக்கள் முதல் வாரம் சாதாரணமாக இருந்து இரண்டாம் வாரத்தில் ஏறும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும், தட்டணுக்கள் விழும், இரத்தம் கெட்டிப்படும். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால் அக்குள், தொடை இடுக்கு, காது மடலுக்குப் பின்புறம் என்று மறைவான இடத்தில் கருந்தழும்பைத் தேடவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கவாசாகியிலேயே தட்டணுக்கள் குறைந்து காணப்படும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களின் நோய் கடுமையானது. அப்போது இம்யூனோகுளோபுலினைத் தாமதிக்காமல், ஆஸ்பிரினை மட்டும் டெங்கு விலகும்வரை நிறுத்திவைக்கலாம். இரண்டு மருந்துகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்று நான் சொல்வதன் நடைமுறைப் பயன் இங்கேதான். டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் எதிர்ப்பொருள் சோதனைகளுக்கான இரத்தத்தை இம்யூனோகுளோபுலின் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னர் எடுத்தால், கொடையாளிகளின் எதிர்ப்பொருளைக் குழந்தையுடையதாக நாம் படித்துவிடக்கூடும்.

கணக்கு புரிய ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த பதினைந்து மாதப் பெண் குழந்தை. காய்ச்சலின் ஏழாம் நாள். டெங்கு இல்லை என்று உறுதியாயிற்று. எக்கோவில் தமனிகள் சாதாரணம். தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாத எடை 8 கிலோ என்று இருக்கிறது. இன்று தராசில் 9.2 கிலோ. அட்டையை நம்பினால் 16 கிராம், தராசை நம்பினால் 18.4 கிராம். அழும் குழந்தையைத் தராசில் வைக்கச் சோம்பினால் அதன் விலை இந்த 2.4 கிராம். தாயோடு சேர்த்து நிறுத்தித் தாயின் எடையைக் கழித்தாவது இன்றைய எடையை எடுக்கவேண்டும்.

அடுத்தது புட்டி. 5 கிராம் புட்டி மூன்று போட்டால் 15 கிராம், அதாவது கிலோவுக்கு 1.6 கிராம்தான். ஒவ்வொரு புட்டியும் பல ஆயிரம் ரூபாய் என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை எழும். நிறுத்தக்கூடாது. நான்கு புட்டி வாங்கி 20 கிராமும் ஏற்றினால் கிலோவுக்கு 2.2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. திறந்த புட்டியை வீணாக்குவதைவிட இதுவே நியாயம். ஏற்றும் திரவத்தின் அளவு கரைசலின் செறிவைப் பொறுத்தது. 18.4 கிராம் என்பது 5 விழுக்காட்டுக் கரைசலில் 368 மி.லி., 10 விழுக்காட்டில் அதன் பாதி. முகப்புச்சீட்டைப் படிக்காமல் மி.லி. கணக்கை எழுதினால் இருமடங்கு தவறு நேரும். 5 விழுக்காடு என்றால் மணிக்கு 5 மி.லி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கொரு முறை 10, 20 என்று கூட்டி, பிறகு 37-இல் நிலைநிறுத்தலாம். 368 மி.லி. ஏற மொத்தம் ஏறத்தாழ 11 மணி நேரம். நடுக்கம், தடிப்பு, இரத்த அழுத்தச் சரிவு வந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும் அல்லது நிறுத்தவேண்டும். இதயத் தசையே தளர்ந்திருந்தால் இவ்வளவு திரவத்தை அவ்வளவு விரைவில் ஏற்றமுடியாது. ஏ, பி, ஏபி இரத்தப் பிரிவினருக்கு அடுத்த சில நாளில் ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

ஆஸ்பிரினுக்கு வருவோம். உயர் அளவு என்றால் இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 736 முதல் 920 மி.கி. வயிற்றெரிச்சல், வாந்தி, கல்லீரல் நொதி உயர்வு ஆகியவற்றை அந்த அளவில் அடிக்கடி பார்க்கிறோம். கவாசாகியில் இரத்த ஆல்புமின் குறைந்திருக்கும். அதனால் புரதத்தோடு ஒட்டாத தனி சாலிசிலேட் கூடி நஞ்சாகும் அபாயமும் அதிகம். நடுத்தர அளவில், நம் கடைகளில் கிடைக்கும் 75 மி.கி. மாத்திரை ஒன்று ஆறு மணிக்கொரு முறை, நாளைக்கு 300 மி.கி.; கிலோவுக்கு 32 மி.கி. சொச்சம். குடலில் கரையும்படி மேற்பூச்சுள்ள மாத்திரையை நசுக்கித் தரக்கூடாது. நீரில் கரையும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

உயர் அளவுக்கு எதிராக இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்கிறேன். ஏற்றி முடித்து 36 மணி நேரத்துக்குப் பின்னும் காய்ச்சல் இருக்கிறதா என்பதுதான் அடுத்த முடிவின் அச்சாணி. பத்தில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் விடாது. அவர்களுக்கு இரண்டாம் தவணை, ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் என்று போகவேண்டியிருக்கும். காய்ச்சலைத் தானே அமுக்கிவிடும் மருந்தை உச்ச அளவில் கொடுத்துக்கொண்டு அந்தக் காய்ச்சலுக்காகக் காத்திருப்பது முரண். இந்த நேரத்தில் ஈ.எஸ்.ஆர். உதவாது, ஏற்றிய புரதமே அதை உயர்த்திவிடும், சி.ஆர்.பி.யைப் பார்க்கவேண்டும்.

காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் ஆனதும் ஆஸ்பிரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் சிறு அளவுக்கு இறங்குகிறது: கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., ஒரே வேளை. நம் குழந்தைக்கு அரை மாத்திரை, 37.5 மி.கி. ஆறு முதல் எட்டு வாரம் வரை தொடரும். அப்போதைய எக்கோவும் சாதாரணமாக இருந்தால் நிறுத்தலாம். அதுவரை இப்யூப்ரோஃபென் கூடாது, ஆஸ்பிரினின் தட்டணுச் செயலை அது தடுக்கும். வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லவேண்டும், ரெய் நோய்க்குறியின் அபாயம் கருதி.

தோல் உரிந்த பின் வரும் குழந்தைக்கு என்ன செய்வது? பத்து நாள் கடந்தும் காய்ச்சலும் உயர்ந்த சி.ஆர்.பி.யும் நீடித்தால் அதே 2 கிராம் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். காய்ச்சல் தானே விட்டு, சி.ஆர்.பி.யும் இறங்கி, எக்கோவும் சரியாக இருந்தால் இம்யூனோகுளோபுலினால் பயனில்லை. சிறு அளவு ஆஸ்பிரினும், மீண்டும் மீண்டும் எக்கோவும் போதும்.

நம் முத்தியால்பேட்டைக் குழந்தைக்குப் பதினாறாம் மாதத்தில் தட்டம்மை-ருபெல்லா இரண்டாம் தவணை வரவேண்டும். இரவல் எதிர்ப்பொருள் உடலில் இருக்கும்வரை அந்த உயிருள்ள தடுப்பூசி பற்றாது. பதினோரு மாதம் தள்ளவேண்டும். அதாவது இரண்டு வயது இரண்டு மாதம் ஆனபின். முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரைத் தள்ளத் தேவையில்லை. மருத்துவமனையை விட்டுப் போகும்முன் இரண்டு தேதிகளையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கு வரும் ஊர்ச் செவிலியர் பழைய தேதியைப் பார்த்து ஊசி போட்டுவிடமாட்டார்.