நான்காம் பகுதியில் நின்றுபோன செங்குட்டுவன்

2009ஆம் ஆண்டில் எங்கள் துறையின் கருத்தரங்கு ஒன்றில் பதிற்றுப்பத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினேன். மாணவர் ஒருவர் அதனைப் படம்பிடித்தார். மொத்தம் 112 நிமிடங்கள். அன்று யூட்யூபில் ஒரு கோப்பு 10 நிமிடத்தை மிஞ்சக் கூடாது என்ற வரம்பு இருந்ததால், அம்மாணவர் கடிகாரத்தைப் பார்த்தே உரையைப் பன்னிரண்டாக அறுத்தார். ஒவ்வொன்றும் 9 நிமிடம் 20 நொடி. 'பதிற்றுப்பத்து உரை - பகுதி 1/12' என்று தொடங்கிப் பன்னிரண்டு வரை பெயர்கள். குறிச்சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே: தமிழ், இலக்கியம், சங்கம், பதிற்றுப்பத்து.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மூத்த தமிழாசிரியரிடமிருந்து மடல் வந்தது. பரணர் தம் பாடலிலேயே செங்குட்டுவன் பத்தினிக்குக் கல்கொண்ட செய்தியைப் பாடியிருப்பதாக நான் சொல்லியிருக்கிறேன் என்றும், ஒரு கல்லூரி ஆசிரியர் இப்படிப் பிழைபடப் பேசலாமா என்றும் கேட்டிருந்தார். நான் திகைத்தேன். அந்த உரையில் நான் மறுத்த கருத்தே அதுதான்!

நடந்தது இது. ஒரு கருத்தை மறுக்குமுன் அதனை அதன் முழு வலிவோடு எடுத்துரைப்பது நம் உரையாசிரியர்கள் காட்டிய வழி. அன்றும் அவ்வாறே பிறர் மதத்தை ஐந்தாறு நிமிடம் விரித்துரைத்தேன். அங்கே நான்காம் பகுதியின் 9 நிமிடம் 20 நொடி முடிந்துவிட்டது. 'இது பொருந்துமா என்று பார்ப்போம்' என்ற சொற்கள் ஐந்தாம் பகுதியின் முதல் நொடியில் போய் விழுந்தன. 'செங்குட்டுவன்' என்று தேடியவருக்கு எப்படியோ நான்காம் பகுதி கிடைத்தது. அவர் ஐந்தாவதைத் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. 'பகுதி 5/12' என்ற பெயர், உள்ளே மறுப்பு இருக்கிறது என்று யாருக்குத்தான் சொல்லும்?

இந்தப் பத்து நிமிட வரம்பின் வரலாறு சிறியது. யூட்யூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அப்போது நீளத்துக்கு இப்படியொரு வரையறை இல்லை. 2006 மார்ச்சில் 10 நிமிட வரம்பு வந்தது. அதைவிட நீண்ட கோப்புகளில் பெரும்பாலானவை உரிமையின்றி ஏற்றப்பட்ட தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் என்பதே காரணம். திருட்டைத் தடுக்க வந்த விதி திருடர்களைத் தடுக்கவில்லை. அவர்கள் ஒரு திரைப்படத்தைப் பதினைந்து துண்டாக்கி ஏற்றினார்கள். அவர்களோடு சேர்ந்து கச்சேரி, பட்டிமன்றம், கல்லூரி உரை எல்லாம் துண்டாயின. 2010 ஜூலையில் வரம்பு 15 நிமிடம் ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து தகுதியுள்ள கணக்குகளுக்கு முழுவதுமாகத் தளர்ந்தது. ஆயினும் அந்த ஐந்தாண்டுகளில் அறுபட்டவை பல இன்றும் அறுபட்டபடியே கிடக்கின்றன.

திரைப்படத்துக்கு எண்ணிட்ட பெயர் ஓரளவு போதும். பார்ப்பவர் கதையை நாடி முதலிலிருந்து வருவார். உரைக்கு அது போதாது. உரையைத் தேடுபவர் ஒரு செய்தியைத் தேடுகிறார். அச்செய்தி ஏழாம் துண்டில் இருந்தால் நேரே ஏழாம் துண்டில் வந்து இறங்குவார். வெட்டிய அந்தக் கணத்திலேயே துண்டு தனி நூலாகிவிடுகிறது என்பதை அன்று நானும் உணரவில்லை, என் மாணவரும் உணரவில்லை.

விந்தை என்னவென்றால், இதற்கான விடை அன்று என் கையில் இருந்த நூலிலேயே இருந்தது. எட்டுத்தொகையுள் பதிற்றுப்பத்து ஒன்றில்தான் ஒவ்வொரு பாட்டின் கீழும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள் தரப்படுகின்றன. முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமற் போக, உ.வே.சா. 1904இல் பதிப்பித்த எண்பது பாட்டுகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பரணர் பாடிய ஐந்தாம் பத்தில் 'செங்குட்டுவன் 1, செங்குட்டுவன் 2' என்று எண் போடவில்லை. சுடர்வீ வேங்கை, ஏறா ஏணி, ஊன்துவை அடிசில், செங்கை மறவர் என்றெல்லாம் பெயர்கள். ஒவ்வொன்றும் அந்தந்தப் பாட்டுக்குள்ளேயே வரும் தொடர். வெளியிலிருந்து ஒட்டிய பெயர் அன்று. பழைய உரைகாரர், பாட்டில் எத்தனையோ தொடர்கள் இருக்க இத்தொடரின் சிறப்பு நோக்கி இப்பெயர் வந்தது என்று காரணமும் எழுதிவைத்தார். ஒரு துண்டுக்குப் பெயரிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: அதற்குள் சொல்லப்பட்டதும், மற்றத் துண்டுகளில் சொல்லப்படாததுமான ஒரு தொடர்.

குறிச்சொல்லைப் பற்றியும் அந்நூல் ஒன்று கற்பிக்கிறது. தூக்கு என்ற இடத்தில் பாட்டுக்குப் பாட்டு 'செந்தூக்கு' என்றே வரும்; வண்ணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'ஒழுகு வண்ணம்'. மாறுதல் சில பாட்டுகளில்தான். யாப்பு ஆராய்பவருக்கு அவை தேவை. ஆனால் ஒரு பாட்டை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய அவை உதவுவதில்லை. அங்கே உதவுவது பெயரும் ஓரளவு துறையும். என் பன்னிரண்டு துண்டுகளுக்கும் இட்ட 'தமிழ், இலக்கியம், சங்கம்' என்பவை செந்தூக்கு வகையைச் சேர்ந்தவை. பொய்யல்ல, பயனுமில்லை.

யூட்யூபிலும் குறிச்சொல்லின் மதிப்பு காலப்போக்கில் இறங்கிவிட்டது. தொடக்க நாள்களில் அவை காணொளியின் கீழ் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. 2012இல் பார்வையாளர் பக்கத்திலிருந்து மறைக்கப்பட்டன. இப்போது அந்நிறுவனமே, தேடலில் குறிச்சொல்லுக்குப் பங்கு மிகக் குறைவு, எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்கே அது உதவும் என்கிறது. தமிழுக்கு அந்தச் சிறு உதவியும் பெரிதுதான். 'பதிற்றுப்பத்து' என்பதை ஒற்றில்லாமல் 'பதிற்றுபத்து' என்று தேடுபவர் உண்டு. ரோமன் எழுத்தில் தட்டுபவரோ நான்கைந்து வகையாகத் தட்டுவர். இந்த வடிவங்களைத் தலைப்பில் வைத்தால் அசிங்கம். குறிச்சொல்லில் வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மொத்தம் 500 குறிகள் வரை இடமுண்டு.

சென்ற விடுமுறையில், பழைய வன்தட்டு ஒன்றில் முழு உரையும் ஒரே கோப்பாகக் கிடைத்தது. இன்று அதை முழுதாகவே ஏற்றிவிடலாம். அத்தியாயங்களாகப் பிரித்துக்காட்டும் வசதியும் 2020இலிருந்து உள்ளது. முழு உரையையும் ஏற்றினேன். ஆயினும் 112 நிமிடம் அமர்ந்து கேட்பவர் சிலரே. ஆகவே மீண்டும் வெட்டினேன், இம்முறை கடிகாரத்தைப் பார்க்காமல்.

முதலில் உரை முழுவதையும் கேட்டு, நிமிடக் குறிப்போடு ஒரு தாளில் எழுதினேன். ஒரு வாதம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது மட்டும். செங்குட்டுவன் பற்றிய வாதம் 31:40இல் தொடங்கி 45:30இல் முடிகிறது. பழைய வெட்டு 37:20இல் விழுந்திருந்தது. ஏறத்தாழ நட்ட நடுவில். அடுத்து, ஒவ்வொரு துண்டின் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கணக்கு ஆசிரியை. 'அதனால்தான் அவர் அப்படிச் சொல்கிறார்' என்று ஒரு துண்டு தொடங்கியது. 'எவர்? எப்படி?' என்றார். இத்தகைய சுட்டுச்சொல்லில் தொடங்கும் துண்டுகளையெல்லாம் பெயர் வெளிப்படும் இடம்வரை பின்னோக்கி இழுத்தேன். ஒன்றில் அது ஒன்றரை நிமிடம் பின்னே போயிற்று. நீளம் பாராமல் போகவிட்டேன். 9 துண்டுகள் தேறின. சிறியது 6 நிமிடம், பெரியது 18. வரவேற்பும் நன்றியுரையும் எதிலும் இல்லை.

வெட்டுவதற்குப் பயன்படுத்தியது ffmpeg என்னும் இலவச நிரல்.

```
ffmpeg -ss 00:31:40 -to 00:45:30 -i urai.mp4 -c copy 04.mp4
```

இது நொடிகளில் முடிந்துவிடும். படத்தை மறுபடி குறியேற்றாமல் அப்படியே நகலெடுப்பதே காரணம். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இவ்வகைக் கோப்பில் எல்லாப் படச்சட்டங்களும் முழுமையானவை அல்ல. சில நொடிகளுக்கு ஒன்று முழுச்சட்டம். இடையில் உள்ளவை மாறுதலை மட்டும் சொல்வன. நாம் கேட்ட நொடி இரு முழுச்சட்டங்களுக்கு இடையே விழுந்தால், துண்டு சற்று முன்னதாகத் தொடங்கி முந்தைய வாக்கியத்தின் வால் கேட்கும். அல்லது குரல் ஓட, படம் சிறிது நேரம் உறைந்து நிற்கும். என் துண்டுகளில் மூன்று இப்படி ஆயின. அவற்றில் மட்டும் `-c copy` என்பதற்குப் பதில் `-c:v libx264 -crf 18 -c:a aac` என்று கொடுத்து மறுகுறியேற்றம் செய்தேன். நேரம் பிடித்தது; வெட்டு சரியாக விழுந்தது.

பிறகு தலைப்பு. 100 குறிகளுக்குமேல் இடமில்லை. நாம் ஏழெழுத்தாக எண்ணும் 'செங்குட்டுவன்', கணினியின் கணக்கில் 13 குறிகள்; கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். கைப்பேசியில் தலைப்பின் வால் மறைந்துவிடும் ஆதலால் வேறுபடுத்தும் சொல் முன்னே வரவேண்டும், 'பதிற்றுப்பத்து உரை' என்ற பொதுச்சொல் பின்னே. முதலில் 'செங்குட்டுவனும் பத்தினிக் கல்லும்' என்று எழுதினேன். அழகாக இருந்தது. ஆனால் நான் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லவில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவரே பலர். முடிவில் 'பத்தினிக்குக் கல்கொண்டது பதிகத்தில்தான், பரணர் பாட்டில் இல்லை' என்று வைத்தேன்.

அந்த வாதமே இதைப் பற்றியதுதான் என்பது தலைப்பை எழுதும்போதுதான் உறைத்தது. ஐந்தாம் பத்தின் பத்துப் பாட்டுகளிலும் பத்தினிக்குக் கல்லெடுத்த செய்தி இல்லை. அது வருவது பத்தின் இறுதியிலுள்ள பதிகத்தில். பாடியவர் யார், பாடப்பட்டவன் யார், அவன் என்ன செய்தான், பத்துப் பாட்டுகளின் பெயர்கள் எவை, பரிசில் என்ன, எத்தனை யாண்டு வீற்றிருந்தான் என்றெல்லாம் பதிகப் பகுதி சொல்லும். பதிகங்கள் பாட்டுகளுக்குக் காலத்தால் பிற்பட்டவை என்பது அறிஞர் பலர் கருத்து. தொகுத்தவர் நல்லெண்ணத்தோடு எழுதிச் சேர்த்த குறிப்பைப் பின்வந்தோர் பரணர் வாய்மொழியாகவே படித்துவிட்டார்கள். என் நான்காம் பகுதிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. சொன்னவன் ஒருவன், வெட்டிப் பெயரிட்டவர் ஒருவர், பழி சொன்னவனுக்கு.

பழைய நான்காம் பகுதியை என்ன செய்வது என்பதுதான் எஞ்சிய சிக்கல். ஏற்றிய காணொளிக்கு மாற்றாக அதே முகவரியில் வேறு கோப்பை வைக்க யூட்யூப் இடந்தராது. அழித்தால் அதற்கு இணைப்புக் கொடுத்த பக்கங்கள் அனைத்தும் முறியும். கீழே நடந்த நல்ல விவாதம் ஒன்றும் போய்விடும். தலைப்பையும் குறிப்பையும் மாற்றலாம். கடைசி 20 நொடிக்குள் மற்றொரு காணொளியைச் சுட்டும் இறுதித்திரையும் வைக்கலாம். ஆகவே அதன் தலைப்பை 'முடிவுறாத வாதம்: மறுப்பு அடுத்த துண்டில்' என்று மாற்றி, இறுதித்திரையில் புதிய துண்டை வைத்தேன். அந்த மூத்த ஆசிரியருக்கும் புதிய துண்டின் முகவரியை அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பதிகங்கள் பிற்பட்டவை என்ற என் கருத்தைத் தாம் இன்னும் ஏற்கவில்லை என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.