டயட் பிளானில் 2,135 கலோரின்னு இருக்கா? அந்த எண் எப்படி வந்ததுன்னு நீங்களே செக் பண்ணலாம்!

ஜிம்மில் சேர்ந்தாலோ, போனில் ஒரு ஆப் போட்டாலோ முதலில் கைக்கு வருவது டயட் பிளான்தான். மேலே பிஎம்ஐ, அதற்குக் கீழே ‘தினசரி கலோரி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். இட்லி எத்தனை, சப்பாத்தி எத்தனை என்பதையெல்லாம் பார்ப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஆனால் தப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். வயது 38, எடை 78 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம். ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆண், வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் நடக்கிறார். எடை குறைக்க அவருக்குக் கொடுத்த பிளானில் இப்படி இருக்கிறது: பிஎம்ஐ 24.95, நார்மல். தினசரி இலக்கு 2,135 கலோரி.

உயரத்தில் நடந்த குளறுபடி

பிஎம்ஐ கணக்கு சிம்பிள். எடையை (கிலோ), உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் போதும். சிக்கல், உயரத்தை ‘5.8’ என்று எழுதுவதில் ஆரம்பிக்கிறது. ஒரு அடிக்கு 12 அங்குலம் என்பதால், 5 அடி 8 அங்குலம் என்பது 5.8 அடி கிடையாது, 5.67 அடிதான். சரியாக மாற்றினால் 172.7 செ.மீ. வரும். 5.8-ஐ அப்படியே 30.48-ஆல் பெருக்கினால் 176.8 செ.மீ. ஆகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே 4 செ.மீ. வளர்ந்துவிட்டார்!

சரியான உயரத்தைப் போட்டால் பிஎம்ஐ 26.15. அதாவது 25-க்குக் கீழே இருப்பதாகக் காட்டியவர் உண்மையில் அதைத் தாண்டி நிற்கிறார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல ஆப்களில் 25 வரை ‘நார்மல்’ என்று காட்டுவது உலக அளவுகோல். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய், இதயப் பாதிப்பு வருவதால், இங்குள்ள மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்றுதான் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில், பிளானில் போட்டிருக்கும் 24.95 கூட நார்மல் இல்லை.

கலோரி எண் எங்கே தடம் மாறியது?

பெரும்பாலான ஆப்கள் பயன்படுத்துவது 1990-இல் வெளியான மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம். சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி தேவை என்பதை அது சொல்லும்.

```
(10 × எடை கிலோ) + (6.25 × உயரம் செ.மீ.) − (5 × வயது) + 5
```

இது ஆண்களுக்கு. பெண்களுக்குக் கடைசியில் +5-க்குப் பதில் −161 போட வேண்டும்.

நம்ம ஆளுக்கு இதில் சுமார் 1,674 வருகிறது. தப்பான உயரத்தைப் போட்டால் 1,700. வித்தியாசம் வெறும் 26 கலோரி, அதாவது பிஎம்ஐ-யைப் புரட்டிப்போட்ட தப்பு இங்கே பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அப்போ 2,135 எப்படி வந்தது? பின்னாலிருந்து கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். எடை குறைப்பதற்காகப் பிளானில் கழித்திருக்கும் 500-ஐத் திரும்பக் கூட்டினால் 2,635. அதை 1,700-ஆல் வகுத்தால் 1.55.

இந்த 1.55 என்பதுதான் ‘மிதமான உடற்பயிற்சி’ செய்பவருக்கான பெருக்கல் எண். உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 1.2, லேசாக உடற்பயிற்சி செய்பவருக்கு 1.375. ‘வாரம் 3 முதல் 5 நாள்’ என்று ஆப்பில் பார்த்ததும், மூன்று நாள் நடக்கிறோமே என்று மிதமானதை டிக் பண்ணிவிடுகிறார்கள். மிச்ச நேரமெல்லாம் நாற்காலியில் இருப்பது அந்தக் கட்டத்தில் தெரியாது.

இவருடைய உண்மையான செலவு 1.2-க்கும் 1.375-க்கும் இடையில், அதாவது சுமார் 2,010 முதல் 2,300 வரை. ‘எடை குறைக்கும்’ 2,135 கலோரியும் அதே அளவுக்குள்தான் வருகிறது! பிளானை அச்சு பிசகாமல் பின்பற்றினாலும் எடை மிஞ்சிப்போனால் கொஞ்சம் குறையும், இல்லையென்றால் ஏறவே செய்யலாம். மனுஷன் தன்னையே நொந்துகொள்வதுதான் மிச்சம். 500 குறைக்க வேண்டுமென்றால் இலக்கு 1,500 முதல் 1,800-க்குள் இருந்திருக்க வேண்டும்.

பெருக்கல் எண்ணிலேயே உடற்பயிற்சி அடங்கிவிடுகிறது. ‘இன்னிக்கு 150 கலோரி நடந்தீங்க, சேர்த்துச் சாப்பிடலாம்’ என்று ஆப் மறுபடி கூட்டினால், அது ஒரே நடையை இரண்டு தடவை எண்ணுவது.

சூத்திரத்தை எவ்வளவு நம்பலாம்?

ஒருவருக்கு இது 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் கணக்கு சரியாக இருந்தாலும் மூன்று வாரம் எடையைப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். ஒரு நாள் ஏறுவது உப்பும் தண்ணீரும் செய்கிற வேலை. சராசரி அசையவில்லை என்றால், சாப்பிடுவதும் செலவாவதும் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அளவாகத்தான் சாப்பிடுகிறோம் என்றால் இலக்கில் 150, 200 குறைத்துப் பார்க்கலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கலோரியைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரும். அவர்கள் முதலில் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் பிளானில் கை வைக்க வேண்டும்.