வணிகப் பெயரும் உள்ளூர் உரிமையும்: மெக்டொனால்ட்ஸ் இந்தியா

ஒரு வணிகப் பெயரின் உரிமையாளரும், அப்பெயரில் உள்ளூரில் கடை நடத்தும் நிறுவனத்தின் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. கூட்டு முயற்சியில் நிறுவனத்தின் பங்குகள் இரு தரப்பிடமும் இருக்கும். உரிம ஒப்பந்தத்தில் பெயரையும் செய்முறையையும் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கைமாறும். அதற்கு ஈடாக விற்பனையில் ஒரு பங்கு உரிமத்தொகையாகச் செலுத்தப்படும். இரண்டும் ஒரே வணிகத்தில் சேரும்போது சிக்கல் பிறக்கிறது.

இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் இதற்குத் தெளிவான சான்று. வட, கிழக்கு மாநிலங்களின் கடைகளை கனாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் நடத்தியது. அதில் மெக்டொனால்ட்ஸும் விக்ரம் பக்‌ஷியும் சரிபாதிப் பங்குதாரர்கள். 2013இல் பக்‌ஷி நிர்வாக இயக்குநர் பதவியை இழந்து, நிறுவனச் சட்ட வாரியத்தை நாடினார். 2017 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் அப்பதவியில் அமர்த்தியது. அடுத்த மாதமே மெக்டொனால்ட்ஸ் 169 கடைகளுக்கான உரிம ஒப்பந்தத்தை முறித்தது. பாதிப் பங்கு கையில் இருந்தும் நிர்வாகம் அதன் வசம் இல்லை. கடைகள் பக்‌ஷியிடம் இருந்தும் பெயர் அவருடையதல்ல. 2019 மே மாதம் பக்‌ஷியின் பங்குகளை மெக்டொனால்ட்ஸ் வாங்கிய பின்னரே வழக்கு முடிந்தது.

சென்னை உள்ளிட்ட தென்னகக் கடைகளை இத்தகராறு தொடவில்லை. மேற்கு, தெற்கு மாநிலங்களில் கடை நடத்துவது வெஸ்ட்லைஃப் குழுமத்தின் ஹார்ட்காசில் ரெஸ்டாரன்ட்ஸ் என்னும் தனி உரிமதாரர். பெயர்ப்பலகை ஒன்று, முதலாளிகள் வேறு.