மதராஸ் மாநிலம் எதிர் சி. ஜி. மேனன் வழக்கு

மதராஸ் மாநிலம் எதிர் சி. ஜி. மேனன் என்பது, வெளிநாடு கேட்கும் ஒருவரை இந்தியா பிடித்து ஒப்படைப்பது தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு தீர்ப்பளித்த வழக்காகும். இவ்வழக்கு சென்னை எழும்பூர் தலைமை மாகாண நீதித்துறை நடுவர் மன்றத்தில் தொடங்கியது.

பின்னணி

மேனன் சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். தொழிலில் நம்பிக்கை மோசடி செய்தார் என்று அவர் மீதும், அதற்கு உடந்தையாக இருந்தார் என்று அவர் மனைவி மீதும் அங்கு குற்றம் சாட்டப்பட்டது. 1952இல் இருவரும் இந்தியா வந்தனர். சிங்கப்பூர் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பக் கேட்டது. 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டப்படி அவர்கள் எழும்பூர் மன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

இரட்டைக் குற்றத்தன்மை

ஒருவர் செய்ததாகக் கூறப்படும் செயல், கேட்கும் நாட்டிலும் ஒப்படைக்கும் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பதே இரட்டைக் குற்றத்தன்மை விதி. குற்றத்தின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செயல் ஒன்றாக இருந்தால் போதும். மேனன் வழக்கில் இதில் சிக்கல் எழ இடமில்லை. சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. நம்பிக்கை மோசடி இரு இடத்திலும் குற்றமே. அப்படியிருந்தும் அவர்களை ஒப்படைக்க முடியவில்லை.

தீர்ப்பு

1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருந்தன. முதல் பகுதியின்படி, குற்றம் நடந்திருக்கலாம் என்று கருதுவதற்குப் போதிய சாட்சியம் உள்ளதா என்பதை நடுவர் பார்க்க வேண்டும். இரண்டாம் பகுதி, அருகருகே அமைந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு உரியது. அங்கே பிடியாணை முறையானதா, பிடிபட்டவர் அதில் சொல்லப்பட்டவர்தானா என்று பார்த்தால் போதும், சாட்சியம் தேவையில்லை. மேனன் தம்பதியரை இந்த இரண்டாம் வழியில்தான் அனுப்ப முயன்றனர்.

நடுவர் இச்சட்டச் சிக்கலை உயர் நீதிமன்றத்தின் முடிவுக்கு அனுப்பினார். சாட்சியம் பாராமல் அனுப்புவது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அரசு மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி மெகர் சந்த் மகாஜன் எழுதிய தீர்ப்பு, சமத்துவக் கேள்விக்குள் செல்லாமல் வேறொரு காரணத்தால் அம்முறையீட்டைத் தள்ளியது. 1950இல் இந்தியா குடியரசாகிவிட்டது. அது இனி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி அன்று. எனவே அந்த இரண்டாம் பகுதி இந்தியாவுக்குப் பொருந்தாது. அவர்கள் குற்றம் செய்தார்களா என்பதை எந்த இந்திய நீதிமன்றமும் முடிவு செய்யவில்லை.

அடைக்கலத்திலிருந்து வேறுபாடு

இதை அடைக்கலம் என்று கொள்ளக் கூடாது. 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்ற பாரதியாரைப் பிரிட்டிஷ் அரசு தேடியது அரசியல் எழுத்துக்காக. அரசியல் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைப்பதில்லை என்பது நாடுகளிடையே வழங்கிவந்த மரபு. மேனன் மீதான குற்றச்சாட்டோ பணம் தொடர்பானது. அவரைக் காத்தது இந்தியா தந்த அடைக்கலம் அன்று; ஒப்படைப்பதற்கான சட்டம் இல்லாமல் போனதே.

பின்விளைவு

1962இல் நாடாளுமன்றம் குற்றவாளிகள் ஒப்படைப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி நடுவர் முதலில் சாட்சியத்தை விசாரிக்க வேண்டும். அரசியல் குற்றமென்றால் ஒப்படைக்கக் கூடாது. 1992ஆம் ஆண்டின் இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம், இரு நாட்டுச் சட்டத்திலும் குறைந்தது ஓராண்டுச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருக்க வேண்டும் என்று இரட்டைக் குற்றத்தன்மை விதியை எழுத்திலேயே வைத்துள்ளது.